கிரீஸ் கார்னர்: ஸ்பாஞ்சுக்கு எண்ணெய்... எவ்ளோ பாஸ்?

வீட்ல யாராவது ஆர்.எக்ஸ். 100 வெச்சிருந்தா இந்த வாரம் கொஞ்சம் கவனமா படிங்க. வெச்சிருக்கிறவர் உங்க சித்தப்பாவா இருந்தா ரெண்டு தடவை படிங்க. ஏன்னா நான் வாங்கின திட்டு உங்களுக்கும் கிடைக்க வேணாம்.

எங்க சித்தப்பா அவரோட முதல் சம்பளத்துல சேர்த்து வெச்சு வாங்கின வண்டி அது. 1996-லயே தயாரிப்பு நின்னுபோச்சு. இன்னிக்கும் அது போற சத்தத்தைக் கேட்டா டீக்கடைப் பெருசுங்க திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட வண்டியை, "ஒரு செமஸ்டர் ஓட்டிக்க. போர் இன்னும் ஒரிஜினல் சைஸ்ல இருக்கு, ஞாபகம் வெச்சுக்க"ன்னு சொல்லி என் கையில சாவியைக் கொடுத்தார். போர்னா இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ஏறி இறங்குற அந்தக் குழாய். அது தேய்ஞ்சா கடைசல் பிடிச்சு, பெரிய சைஸ் பிஸ்டன் போடணும். இந்த வண்டிக்காரங்களுக்கு அது கிட்டத்தட்ட குடும்ப மானப் பிரச்னை.

நம்ம காலேஜ் பைபாஸ்ல இருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. ரோடுன்னு பேர்தான், ஜல்லி லாரி போனா முன்னாடி போறவன் சட்டை கலர் தெரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை பொறுப்பான பையனா ஏர் ஃபில்டரைக் கழட்டினேன். உள்ளே ஸ்பாஞ்சு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுக்கு அக்கா மாதிரி இருக்கும், அதான் ஃபோம் ஃபில்டர். துவைச்சேன், காயவெச்சேன். "எண்ணெய் விட்டுத்தான் மாட்டணும்"னு எப்பவோ மெக்கானிக் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. எவ்ளோன்னு அவர் சொல்லலை, நானும் கேட்கலை. பாட்டில்ல இருந்த 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயிலை, வடைக்கு உளுந்து ஊறவைக்கிற மாதிரி ஊறவெச்சு, சொட்டச் சொட்ட எடுத்து மாட்டினேன். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பாட்டி கணக்கு பார்ப்பாங்களா என்ன?

திங்கட்கிழமை காலையில வண்டி ஒழுங்காத்தான் ஸ்டார்ட் ஆச்சு. ஐடிலும் ஓகே. ஆனா ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக, சளி பிடிச்சவன் பாட்டுப் பாடற மாதிரி ஒரு அடைப்பு. பாதி வரைக்கும் போகுது, அதுக்கு மேல டங்கு டங்குன்னு முனகுது. பின்னாடி வந்த ஸ்கூட்டி அக்கா புகையில இருமிக்கிட்டே என்னைத் தாண்டிப் போனாங்க. ஆர்.எக்ஸ். 100 ஓட்டுறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது! செவ்வாய்க்கிழமை ஐடிலும் போச்சு. புதன்கிழமை இன்டர்னல் டெஸ்ட் அன்னிக்கு, கேட்டுக்கு அரை கிலோமீட்டர் முன்னாடி வண்டி நின்னுடுச்சு. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா, கருப்பா, ஈரமா, எண்ணெய்ச் சட்டியில விழுந்த மாதிரி இருந்தது.

ஏன் இப்படி? இதுக்கு முதல்ல ஒரு விஷயம் புரியணும். ஃபோம் ஃபில்டர்ல தூசியைப் பிடிக்கிறது ஃபோம் கிடையாது. எண்ணெய்.

நம்பலையா? கணக்கு போடலாம். ஃபில்டர் ஃபோம்ல ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 45 துளைகள் இருக்குன்னு வெச்சுக்குவோம். அப்ப ஒரு துளையோட அகலம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதாவது சுமார் 560 மைக்ரான். பிஸ்டனையும் போரையும் தேய்க்கிற தூசி பத்து, இருபது மைக்ரான் அளவுல இருக்கும். அதாவது வீட்டு நிலைப்படி வழியா எலுமிச்சம்பழம் உருண்டு வர்ற கதை. சல்லடை மாதிரி இதை மறிக்கிறதுக்கு வாய்ப்பே இல்லை. ஆனா ஃபோமுக்குள்ள பாதை நேரா இருக்காது. வளைஞ்சு, நெளிஞ்சு, திரும்பித் திரும்பித்தான் போகும். காத்து லேசு, அது வளைஞ்சு போயிடும். தூசிக்குக் கனம் இருக்கு, அதால சட்டுன்னு திரும்ப முடியாது. நேரா போய் ஃபோமோட மெல்லிய இழையில மோதும். அந்த இழை மேல பிசுபிசுன்னு எண்ணெய் இருந்தா ஒட்டிக்கும். இல்லேன்னா மோதி எழுந்து, அடுத்த வளைவுல தப்பிச்சு நேரா இன்ஜினுக்குள்ள போயிடும்.

ஆக, நமக்கு வேண்டியது இழை மேல பூசின மாதிரி ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். துளை திறந்தே இருக்கணும். அளவுக்கு மேல எண்ணெய் விட்டா என்ன ஆகும்னு பார்க்க லேப் எதுவும் வேணாம். மெஸ்ல போய் டீ வடிகட்டியைக் குழாய்த் தண்ணியில கழுவிட்டு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கம்பி வலையோட பாதி ஓட்டைகள்ல தண்ணி கண்ணாடி மாதிரி மூடி நிக்கும். ஊதினாத்தான் உடையும். ஃபோமுக்குள்ளயும் இதேதான் நடக்குது. துளைக்குத் துளை எண்ணெய் ஜன்னல் சாத்திடுது. இன்ஜின் ஆயில் தண்ணியைவிடக் கெட்டி, சுலபத்துல உடையாது. காத்து போற வழி பாதியாயிடும்.

காத்து குறைஞ்சா வண்டி சோகமா போகணும், அவ்ளோதானே, எதுக்குக் கரும்புகைன்னு எனக்கும் சந்தேகம். அதுக்கு இளநிக் கடைக்குப் போகணும். வாயில ரெண்டு ஸ்ட்ரா வெச்சுக்கங்க. ஒண்ணு இளநிக்குள்ள இருக்கட்டும், இன்னொண்ணு வெளியே காத்துல. இப்ப உறிஞ்சினா இளநி கொஞ்சம், காத்து நிறையன்னு வரும். வெளியே இருக்கிற ஸ்ட்ரா நுனியை விரலால பாதி அடைச்சுட்டு அதே வேகத்துல உறிஞ்சுங்க. இளநி கூடுதலா வரும்! கார்புரேட்டரும் இப்படித்தான். இன்ஜின் உறிஞ்சுது, வெளிக்காத்து வர்ற வழி அடைச்சிருக்கு. பெட்ரோல் இருக்கிற தொட்டியில மட்டும் வெளிக்காத்தோட அழுத்தம் அப்படியே இருக்கு. அதனால காத்து குறையுது, அதோட ஒப்பிட்டா பெட்ரோல் அதிகமாகுது. சோக்கை இழுத்து வெச்சுக்கிட்டே நாள் முழுக்க ஓட்டுற மாதிரிதான். இன்ஜின் எவ்ளோ வேகமா சுத்துதோ அவ்ளோ காத்து வேணும், அடைப்பும் அவ்ளோ உறைக்கும். எனக்கு முதல் நாள் ஐடில்ல ஒண்ணும் தெரியாம, திருகும்போது மட்டும் முனகினது இதனாலதான்.

ரெண்டாவது நாள் ஐடில் போனதுக்குக் காரணம் வேற. சொட்டின எண்ணெய் ஏர் பாக்ஸ் அடியில தேங்கி, அங்கிருந்து கார்புரேட்டர் வாய்க்குப் போயிருக்கு. ஐடில்ல காத்து கலக்குறதுக்குன்னு அங்கே ஊசி நுனி அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதுல ஒரு சொட்டு எண்ணெய் போய் உட்கார்ந்தா முடிஞ்சது. இது டூ-ஸ்ட்ரோக் வேற. அதுக்குன்னு தனியா பம்ப் வெச்சு அளந்து அளந்து எண்ணெய் போய்க்கிட்டிருக்கு. மேற்கொண்டு நான் ஓசியில ஊத்தினது எல்லாம் எரியாம பிளக்குல போய்ப் படிஞ்சிருக்கு.

இதைவிட ஒரு ஆச்சரியமான விஷயம் இருக்கு. எண்ணெய் ஜாஸ்தியானா தூசியாவது நல்லா நிக்கும்னு நினைப்போம். அதுவும் இல்லை! ராத்திரி முழுக்க வண்டி நிக்கும்போது கூடுதல் எண்ணெய் மெதுவா கீழே இறங்கிடும். அடிப்பக்கம் சேறு மாதிரி அடைச்சுக்கும். மேல்பக்கம் போகப் போக மெலிஞ்சுடும். காத்துக்கு என்ன, எங்கே சுலபமோ அங்கே போகும். எண்ணெய் மெலிஞ்ச மேல்பக்கம் வழியா வேகமா போகும், தூசியையும் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிக்கிட்டுப் போகும். ஆக, மூச்சும் முட்டுது, தூசியும் போகுது. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இதெல்லாம் அன்னிக்கு எனக்குத் தெரியாதே. எண்ணெயாலதானே பிரச்னைன்னு, ஃபோமை சோப்புத்தண்ணியில துவைச்சு, பஞ்சு மாதிரி காயவெச்சு, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம மாட்டினேன். கார்புரேட்டரையும் சுத்தம் பண்ணி, புது பிளக் போட்டதும், ஆஹா... வண்டி பறந்தது! ரெண்டு வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன்.

அப்புறம் ஊருக்குப் போனேன். சித்தப்பா ஒண்ணும் பேசலை. ஏர் ஃபில்டரைக் கழட்டினார். கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாய்க்குள்ள சுண்டு விரலை விட்டு ஒரு சுத்து சுத்தி வெளியே எடுத்தார். அதைக் கட்டை விரல்ல தேய்ச்சு, என் காதுகிட்ட கொண்டு வந்தார். நற நறன்னு சத்தம்.

"இது என்னடா?"

"தூசி சித்தப்பா..."

"வடிகட்டிக்கு இந்தப் பக்கம் தூசிக்கு என்னடா வேலை?"

பதில் இல்லை. அன்னிக்கு சாயங்காலம் சிலிண்டரைக் கழட்டிப் பார்க்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கலை. பிஸ்டன்ல மெல்லிசா கோடுகள் விழுந்திருந்தது. போர்ல நகத்தை வெச்சு இழுத்துப் பார்த்தார், எங்கேயும் மாட்டலை. "தப்பிச்ச"ன்னார். புது ரிங்கோட போச்சு. அந்த மண்ரோட்டுல இன்னும் ரெண்டு மாசம் அப்படியே ஓட்டியிருந்தா கடைசல்காரர்கிட்டதான் நின்னிருப்போம். யோசிச்சுப் பாருங்க, எண்ணெய் ஜாஸ்தியானப்ப வண்டி கத்திக் கூப்பாடு போட்டுக் காட்டிக் கொடுத்துச்சு. எண்ணெய் இல்லாதப்ப சிரிச்சுக்கிட்டே தேய்ஞ்சுது.

சரி, எந்த எண்ணெய்? சித்தப்பா கட்சி ஒண்ணு, எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் கட்சி ஒண்ணு. நடுவுல நான் படிச்சது ஒண்ணு.

முதல் மரியாதை ஃபோம் ஃபில்டருக்குன்னே விக்கிற எண்ணெய்க்குத்தான். அதுல என்ன ஸ்பெஷல்னா, ஊத்தும்போது தண்ணியா இருக்கும், எல்லா இழைக்கும் சுலபமா பரவும். அதுல கலந்திருக்கிற கரைப்பான் கொஞ்ச நேரத்துல ஆவியாகிட்டா, மிச்சம் இருக்கிறது பலாப்பழப் பால் மாதிரி ஒட்டும். கீழே இறங்காது. சிவப்பு, நீலம்னு சாயம் போட்டிருப்பாங்க. எங்கே படலை, எங்கே ஜாஸ்தின்னு கண்ணுக்கே தெரியும். ஒரு சின்ன பாட்டில் ரொம்ப நாள் வரும். வாங்கும்போது லேபிளைப் பாருங்க. துணி ஃபில்டருக்குன்னு தனியா ஒரு எண்ணெய் விக்கிறாங்க. அது மெல்லிசு, ஃபோமுக்குச் செட் ஆகாது.

அது கிடைக்கலையா? புது இன்ஜின் ஆயில் ஓகே. பழைய ஜப்பான் வண்டிகளோட மேனுவல்களே அதைச் சொல்லியிருக்கு. சிலதுல 80-90 கிரேடு கியர் ஆயிலைச் சொல்லியிருக்கும், சித்தப்பா அந்தக் கட்சி. அது கெட்டியா இருக்கிறதால நின்னு பிடிக்கும், ஆனா பரப்புறது கஷ்டம், கொஞ்சம் அசந்தா அளவு மீறிடும். வாசனை வேற... ஹாஸ்டல் ரூம்மேட் ரெண்டு நாள் பேச மாட்டான். இன்ஜின் ஆயில் பரப்ப ஈஸி, ஆனா சீக்கிரம் கீழே இறங்கும். அதனால அடிக்கடி திறந்து பார்க்கணும். என் ஓட்டு இன்ஜின் ஆயிலுக்கு, ஏன்னா அளவு தப்பாம இருக்கும். உங்க வண்டி மேனுவல்ல வேற ஏதாவது போட்டிருந்தா அதுதான் ஃபைனல்.

வண்டியில இருந்து இறக்கின கழிவு ஆயிலை மட்டும் தொடாதீங்க. மிச்சம் பிடிக்கிறேன்னு நிறைய பேர் பண்றாங்க. கரி, உலோகத் துகள், அமிலம் எல்லாம் அதுலயே இருக்கு. வடிகட்டிக்கே அழுக்கைப் பூசலாமா? துரு எடுக்கிற ஸ்ப்ரேயும் வேணாம், அது ரொம்ப மெல்லிசு, நின்னு ஒட்டாது. தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு மகானையும் எனக்குத் தெரியும். மார்கழிக் காலையில கோயமுத்தூர்ல தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்படி உறைஞ்சு நிக்கும்? அதேதான் ஃபோமுக்குள்ள நின்னுச்சு.

இப்ப அளவு. பரிகாரமா நான் அடுத்த தடவை தபால் எடைபோடுற மாதிரி சின்னத் தராசு வெச்சுப் பார்த்தேன். காய்ஞ்ச ஃபோம் 14 கிராம். எண்ணெய் விட்டு ஒரு தடவை கையால பிழிஞ்சப்புறம் 70 கிராம். பிழிஞ்சாச்சே, போதும்னு நினைக்கிற இடம் இதுதான். ஆனா உள்ளே 56 கிராம் எண்ணெய்! அப்புறம் பேப்பர்ல சுத்தி நல்லா அமுக்கி அமுக்கி எடுத்தப்ப 34 கிராம்ல நின்னுச்சு. அதாவது 20 கிராம் எண்ணெய், ரெண்டு டேபிள் ஸ்பூனுக்கும் குறைவு. உங்க ஃபோம் சைஸுக்கு நம்பர் மாறும், அதனால 20-ஐ மனப்பாடம் பண்ண வேணாம். முதல் பிழியலுக்கும் கடைசி பிழியலுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு பாருங்க, அது போதும்.

முறை ரொம்ப சிம்பிள். முதல்ல மண்ணெண்ணெய்ல அலசி பழைய எண்ணெயை எடுங்க, அடுப்பு, பீடி எதுவும் பக்கத்துல இல்லாம. பெட்ரோல் வேணாம், அது சட்டுன்னு தீப்பிடிக்கும். தின்னர் ஃபோமையே ஊதிப்போக வெச்சுடும். அப்புறம் பாத்திர சோப்புத்தண்ணியில கழுவி, ஈரத்துணி முறுக்குற மாதிரி முறுக்காம உள்ளங்கையில அமுக்கிப் பிழியுங்க. முறுக்கினா ஒட்டு விட்டுரும். நிழல்ல முழுசா காயணும். ஈரம் இருந்தா அந்த இடத்துல எண்ணெய் ஒட்டாது. காய்ஞ்சதும் கிள்ளிப் பாருங்க. பொடிப் பொடியா உதிர்ந்தா அது வயசான ஃபோம். அந்தப் பொடியே இன்ஜினுக்குள்ள போகும், புதுசு வாங்கிடுங்க.

நல்லா இருந்தா ஒரு பாலிதீன் கவருக்குள்ள போட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி பிசைங்க. எங்கேயாவது வெளிறித் தெரிஞ்சா இன்னும் அரை ஸ்பூன். எல்லா இடமும் ஒரே நிறத்துக்கு வந்ததும் பேப்பர்ல சுத்தி அமுக்கி எடுங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. துளைகள்ல பளபளன்னு ஜன்னல் தெரிஞ்சா இன்னும் ஜாஸ்தின்னு அர்த்தம். தொட்டா விரல் பிசுபிசுக்கணும், ஆனா அமுக்கினா சொட்டக் கூடாது. ராத்திரி ஒரு வெள்ளைப் பேப்பருக்கு மேல தொங்கவிட்டுட்டுத் தூங்குங்க. காலையில பேப்பர்ல சொட்டு இருந்தா மறுபடி அமுக்குங்க. ஃபோம் எண்ணெயா இருந்தா கரைப்பான் ஆவியாகவும் இந்த நேரம் வேணும்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஏர் பாக்ஸைத் துணியால துடைங்க. ஃபோம் உட்காருற விளிம்புல மெல்லிசா கிரீஸ் தடவுங்க. ஃபோம் எவ்ளோ நல்லா இருந்தாலும் ஓரத்துல இடுக்கு இருந்தா தூசி அந்த வழியா ஜாலியா போகும். ரெண்டு வாரம் கழிச்சுத் திறந்து, சித்தப்பா டெஸ்ட்: குழாய்க்குள்ள வெள்ளைத்துணி சுத்தின விரல். எண்ணெய் சொட்டு இருந்தா ஜாஸ்தி. நற நறன்னா கம்மி, இல்லேன்னா ஓரம் சரியா உட்காரலை. ரெண்டும் இல்லேன்னா நீங்க பாஸ்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதெல்லாம் ஸ்பாஞ்சு வண்டிகளுக்கு மட்டும். இப்ப நம்ம பார்க்கிங்ல நிக்கிற பெரும்பாலான பைக்குகள்ல இருக்கிறது மடிப்பு மடிப்பான பேப்பர் ஃபில்டர். சிலதுல கம்பெனியிலயே எண்ணெய் தோய்ச்சுத்தான் வரும். அதைத் துவைக்கவும் கூடாது, மேல எண்ணெய் விடவும் கூடாது. நான் இவ்வளவையும் கேன்டீன்ல விளக்கிக்கிட்டிருந்தப்ப பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டின மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பன், அன்னிக்கு சாயங்காலமே தன்னோட பேப்பர் ஃபில்டர்ல ரெண்டு ஸ்பூன் கரெக்டா அளந்து விட்டுட்டு எனக்கு போன் பண்ணினான்.

"மச்சி, அளவு கரெக்ட்தானே?"

அளவு கரெக்ட்தான் மச்சி. புது ஃபில்டர் வாங்கிக்க.